எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கு 21 நாள்கள்: 141 மதிப்பெண்ணிலிருந்து 150-ஐத் தாண்ட நாள்களை எப்படிப் பிரிப்பது?

கீழ்வானம் (தேர்வுக்கு 21 நாள்கள்)

அனைவருக்கும் வணக்கம். நான் பிலிப்பைன்ஸில் மருத்துவம் முடித்துவிட்டு ஊர் திரும்பியவள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பதிவு பெறுவதற்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வை இரண்டாம் முறையாக எழுதவிருக்கிறேன். முதல் முறை 139 எடுத்து, பதினொரு மதிப்பெண்ணில் தவறவிட்டேன். இம்முறை பத்தொன்பது பாடங்களையும் ஒரு சுற்று முடித்துவிட்டேன். ஆனால் சென்ற வாரம் எழுதிய ஜி.டி. என்னும் முழு மாதிரித் தேர்வில் 144 வந்தது, நேற்று எழுதியதில் 141தான் வந்தது. படிக்கப் படிக்கக் குறைகிறதே என்று நேற்றிரவு உறக்கம் வரவில்லை.

நேற்றைய பாடவாரி மதிப்பெண்களைக் கீழே தருகிறேன். உடற்கூறியல் 17-க்கு 6, உடலியங்கியல் 17-க்கு 7, உயிர்வேதியியல் 17-க்கு 6, நோயியல் 13-க்கு 7, நுண்ணுயிரியல் 13-க்கு 6, மருந்தியல் 13-க்கு 8, தடயவியல் 10-க்கு 3. மெடிசின் 33-க்கு 18, சர்ஜரி 32-க்கு 17, மகப்பேறு மருத்துவமான ஓ.பி.ஜி. 30-க்கு 17, குழந்தை மருத்துவம் 15-க்கு 8, கண் 15-க்கு 5, ஈ.என்.டி. 15-க்கு 6, சமூக மருத்துவமான பி.எஸ்.எம். 30-க்கு 13. ஐந்து ஐந்து கேள்விகளாக வரும் தோல், மனநலம், கதிர்வீச்சு சிகிச்சை, மயக்கவியல், எலும்பு, கதிரியக்கப் படம் ஆகிய ஆறிலும் சேர்த்து 30-க்கு 14.

உடற்கூறியலில் இவ்வளவு பலவீனமாக இருப்பதால், அதையே முதலில் எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஜி.டி. எத்தனை எழுதுவது, எப்போது நிறுத்துவது என்பதும் தெரியவில்லை.

---

சூறாவளி (தேர்வுக்கு 21 நாள்கள்)

சகோதரி, நான் சென்ற ஆண்டு தேறியவன். இந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. தினம் ஒரு ஜி.டி. எழுதுங்கள், இருபது நாளில் ஆறாயிரம் கேள்விகளைப் பார்த்துவிடுவீர்கள், கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் தேர்வறையில் பாதி ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும். உறக்கத்தைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் கடைசி மூன்று வாரமும் நான்கு மணி நேரம்தான் தூங்கினேன்.

---

தாமிரபரணி (தேர்வுக்கு 21 நாள்கள்)

என் தங்கை இதே போன்ற தேர்வுக்குத் தயாராகும்போது பயிற்சி மையத்தில் முதலில் சொன்னது, தெரியாத கேள்வியைத் தொடவே வேண்டாம் என்பதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஆகவே கீழ்வானம் எத்தனை கேள்விகளை விட்டுவிட்டார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிறைய விட்டிருந்தால் அது நல்ல அறிகுறியே.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 20 நாள்கள்)

தாமிரபரணி சொல்வது நீட் பி.ஜி. தேர்வுக்குப் பொருந்தும். அங்கே தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். எஃப்.எம்.ஜி.இ.யில் கழிப்பதில்லை. 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி, அவ்வளவுதான். ஆகவே இந்தத் தேர்வில் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டு வருவது மதிப்பெண்ணை மேசையிலேயே வைத்துவிட்டு வருவதற்குச் சமம். நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒன்று விழும்.

கீழ்வானம், பட்டியலை நீங்கள் முழுமையாகத் தந்திருப்பதால் குறிப்பாகவே பேசலாம். நான் மூன்றாவது முறையில் தேறியவன். அதன் பிறகு சில ஆண்டுகளாக இளையவர்களுடன் உட்கார்ந்து இதே பட்டியல்களைப் பார்த்து வருகிறேன். உடற்கூறியலில் 6 வாங்கியிருப்பதால் அங்கே பதினொரு மதிப்பெண் காத்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் பதினொன்றும் மூளை நரம்புகள், கருவியல், திசுவியல் என்று சிதறிக் கிடப்பவை. ஒரு வாரம் செலவழித்தால் இரண்டு அல்லது மூன்று கூடும். அந்த ஒரு வாரத்தில் மற்ற பாடங்கள் மறக்கத் தொடங்கியிருக்கும்.

அதே ஒரு வாரத்தை பி.எஸ்.எம்., கண், ஈ.என்.டி., தடயவியல் என்னும் நான்கிற்குக் கொடுத்துப் பாருங்கள். இவை சேர்ந்து 70 மதிப்பெண், அதில் நீங்கள் வாங்கியது 27. இவை அளவில் சிறியவை, கேட்பதும் பெரும்பாலும் அதே இடங்களிலிருந்துதான். பி.எஸ்.எம். 13-லிருந்து 20, கண் 5-லிருந்து 9, ஈ.என்.டி. 6-லிருந்து 9, தடயவியல் 3-லிருந்து 6 என்று போனாலே பதினேழு மதிப்பெண் கூடி 158 ஆகிறது. மற்ற பாடங்களில் சிலவற்றை இழப்பீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் 150-க்கு மேலேதான் நிற்பீர்கள். நான் கூறுவது பேராசையான கணக்கு அன்று. முழு மதிப்பெண்ணை எங்கும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நேற்றைய தேர்வில் தவறிய 159 கேள்விகளையும் திறந்து, ஒவ்வொன்றுக்கும் எதனால் தவறியது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். தெரியாது, மறந்தது, தவறாகப் படித்தது அல்லது மாற்றிக் குறித்தது, விட்டது என்னும் நான்கு குவியல்கள் போதும். அரை நாள் ஆகும். அந்த எண்ணிக்கையை இங்கே சொல்லுங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.

சூறாவளிக்கு ஒரு சொல். தினம் ஒரு ஜி.டி. எழுதினால் ஐந்து மணி நேரம் எழுதுவதற்கே போய்விடும். விடைகளைச் சரியாகப் பார்க்க இன்னும் நான்கு மணி நேரம் வேண்டும். படிப்பதற்கு நேரமே இராது, எனவே அடுத்த நாளும் அதே மதிப்பெண்தான் வரும். கேள்விகள் திரும்ப வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் திரும்ப வருவது அந்தக் கருத்து. கேள்வி வேறு முகத்துடன் வரும்.

---

கணக்கப்பிள்ளை (தேர்வுக்கு 20 நாள்கள்)

நான் மருத்துவன் அல்லன், புள்ளியியல் கற்பிப்பவன். மகன் இந்தத் தேர்வை எழுதுவதால் இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். 144 என்பது 141 ஆனதற்காக உறக்கத்தை இழந்தேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

ஏறத்தாழ பாதிக் கேள்விகளுக்கு விடை தெரிந்த ஒருவர் 300 கேள்விகள் எழுதும்போது, அறிவில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், எந்தக் கேள்விகள் வந்து விழுகின்றன என்பதைப் பொறுத்தே மதிப்பெண் எட்டு வரை மேலும் கீழும் ஆடுவது மிகவும் இயல்பானது. இரண்டு தேர்வுகளை ஒப்பிட்டால் இரண்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும், இடைவெளி பத்துக்கு மேல் போனாலும் வியப்பில்லை. அதற்கு மேல் இரண்டு வினாத்தாள்களும் ஒரே கடினத்தில் இருந்தனவா என்பதும் தெரியாது. மூன்று மதிப்பெண் குறைந்தது என்பதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதிரித் தேர்வில் 152 வந்தால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. என் மகனிடம் நான் கேட்டிருப்பது, கடைசி இரண்டு தேர்வுகளின் சராசரி 160-ஐத் தொட வேண்டும் என்பதுதான். அவன் என்மீது கோபமாக இருக்கிறான்.

---

கீழ்வானம் (தேர்வுக்கு 19 நாள்கள்)

வார்டு நாலு அண்ணா சொன்னபடி உட்கார்ந்து எண்ணினேன். தெரியாதவை 86. படித்திருந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராதவை 41. தவறாகப் படித்தவையும், முதலில் சரியாகக் குறித்துப் பின்னர் மாற்றியவையும் சேர்த்து 21. விட்டவை 11.

எண்ணும்போதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. மாற்றிக் குறித்த கேள்விகளில் பெரும்பாலானவை "பின்வருவனவற்றில் எது தவிர" என்று முடிபவை. முதல் வாசிப்பில் "தவிர" என்பதைக் கவனித்துச் சரியாகக் குறித்திருக்கிறேன், திரும்பி வந்தபோது அதை மறந்துவிட்டு மாற்றியிருக்கிறேன். விட்ட பதினொன்றும் காலைப் பகுதியின் கடைசி ஐம்பதில் இருந்தன. அவை நீளமான நோயாளிக் கதைகள், நேரம் போதவில்லை.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 19 நாள்கள்)

அந்தப் பதினொன்றைப் பற்றி ஒரு கேள்வி. நீங்கள் 150 கேள்விக்கு 150 நிமிடம் என்று ஒரே ஓட்டமாக எழுதினீர்களா, அல்லது ஐம்பது ஐம்பதாகப் பூட்டி எழுதினீர்களா?

இப்போதைய முறைப்படி ஒவ்வொரு வேளையும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 50 நிமிடங்கள். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் அதற்குள் திரும்பிப் போக முடியாது, முன்னதாக முடித்தாலும் மிச்ச நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. பழைய மாதிரித் தேர்வுகள் பலவும் ஒரே ஓட்டமாகவே இருக்கின்றன. அவற்றில் பழகுபவர்கள் எளிய கேள்விகளில் நேரம் மிச்சம்பிடித்துக் கடினமானவற்றுக்குச் செலவழிக்கப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் உண்மையான தேர்வில் உதவாது.

இனி எழுதும் தேர்வுகளில் கடிகாரத்தை ஐம்பது நிமிடத்திற்கு வைத்துவிடுங்கள். நாற்பதாவது நிமிடத்தில் ஐம்பதாவது கேள்வியைப் பார்த்திருக்க வேண்டும், தெரியாதவற்றுக்கும் அந்த முதல் சுற்றிலேயே ஏதாவது ஒன்றைக் குறித்திருக்க வேண்டும். மீதிப் பத்து நிமிடம் சந்தேகக் குறி வைத்தவற்றுக்கு மட்டும். "தவிர" வரும் கேள்விகளில், கொடுக்கப்படும் தாளில் கேள்வி எண்ணை எழுதி அருகில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். திரும்பி வரும்போது அந்தக் குறியைப் பார்க்காமல் விடையை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாள்களுக்கு வருகிறேன். இன்றிலிருந்து, தேர்வுக்கு 13 நாள் இருக்கும் 13-ஆம் நாள் வரை அந்த நான்கு பாடங்களுக்கு. காலையில் அவற்றைப் படியுங்கள், மாலையில் அவற்றிலேயே நூறு கேள்விகள் போடுங்கள். 86 தெரியாதவற்றை அப்படியே விட்டுவிடுங்கள், அவற்றைத் துரத்தினால் மூன்று மாதம் வேண்டும். மறந்த 41-ஐ மட்டும் ஒரு நோட்டில், ஒரு கேள்விக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். கேள்வியை எழுத வேண்டாம், எந்த வரி தெரிந்திருந்தால் விடை வந்திருக்குமோ அந்த வரி மட்டும். கடைசி மூன்று நாளில் கையில் இருக்கப்போவது அந்த நோட்டுதான்.

முழு ஜி.டி. மூன்று போதும். 12-ஆம் நாள் ஒன்று, 8-ஆம் நாள் ஒன்று, 5-ஆம் நாள் ஒன்று. காலை 9 மணிக்கு முதல் பகுதி, மதியம் 2 மணிக்கு இரண்டாம் பகுதி, இடையில் இரண்டரை மணி நேரம். உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கும். எழுதிய மறுநாள் காலை முழுவதும் விடைகளைப் பார்ப்பதற்கு, மதியத்திற்கு மேல் ஓய்வு.

---

பழைய சட்டம் (தேர்வுக்கு 18 நாள்கள்)

தடயவியலைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை, ஏனெனில் நான் அதைத்தான் கற்பிக்கிறேன். மாணவர்கள் சீனியரிடம் வாங்கிய நோட்ஸை வைத்துக்கொண்டு இ.பி.கோ. பிரிவு எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. கவனக்குறைவால் ஏற்படும் மரணம் பழைய 304ஏ-யிலிருந்து 106-க்கும், கொலைக்கான தண்டனை 302-லிருந்து 103-க்கும், கொடுங்காயம் 320-லிருந்து 116-க்கும் மாறியிருக்கின்றன. சந்தேக மரணங்களில் போலீஸ் விசாரணை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-இல் இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194.

எண் மாறியதோடு உள்ளடக்கமும் ஓரிடத்தில் மாறியிருக்கிறது. கொடுங்காயத்தின் எட்டாவது வகையில், காயம்பட்டவர் இருபது நாள் கடும் வலியில் இருக்க வேண்டும் அல்லது வழக்கமான வேலையைச் செய்ய இயலாமல் இருக்க வேண்டும் என்றிருந்தது. அது பதினைந்து நாளாகக் குறைந்துவிட்டது. இருபது என்று படித்தவர் இருபது என்றே குறித்துவிட்டு, நான் படித்ததுதானே என்று நிம்மதியாக வெளியே வருவார். பத்து மதிப்பெண் பாடத்தில் இப்படி இரண்டு போனால் பெரிய இழப்பு.

பி.எஸ்.எம்.-இலும் இதே பிரச்சினை உண்டு. காசநோய்த் திட்டத்தின் பெயர் 2020-இலேயே மாறிவிட்டது. நோட்ஸின் முதல் பக்கத்தில் பழைய பெயர் இருந்தால், மற்ற திட்டங்களும் பழையவையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

---

இரவு மணி (தேர்வுக்கு 18 நாள்கள்)

எல்லோரும் காலையில் படிப்பு, மாலையில் கேள்வி என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்றரை வயதில் குழந்தை இருக்கிறாள். வாரத்தில் நான்கு இரவுகள் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், ஏனெனில் வீட்டுக் கடனுக்கு அந்தப் பணம் வேண்டும். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் பதினொன்றுக்கு அவள் எழுப்பிவிடுவாள். என்னைப் போன்றவர்கள் மூன்று ஜி.டி. எழுத நாளுக்கு எங்கே போவது?

---

வார்டு நாலு (தேர்வுக்கு 18 நாள்கள்)

உங்களுக்கு நான் சொல்வது கீழ்வானத்திற்குச் சொன்னதிலிருந்து வேறானது. முழு ஜி.டி. ஒன்றே ஒன்று எழுதுங்கள், இரவுப்பணி இல்லாத ஒரு நாளில், யாரிடமாவது குழந்தையைக் கொடுத்துவிட்டு. மற்ற நாள்களில் ஐம்பது கேள்வி, ஐம்பது நிமிடம் என்று ஒரு பகுதி மட்டும் எழுதலாம். தேர்வே இப்போது அந்தத் துண்டுகளாகத்தான் இருக்கிறது என்பது உங்களுக்குச் சாதகம்.

ஆனால் கடைசி வாரத்தில் இரவுப்பணியை எப்படியாவது மாற்றிக்கொள்ள வழியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விடுப்புக் கிடைக்காவிட்டால் பகல்பணியாக மாற்றினாலும் போதும். காலை ஒன்பது மணி என்பது இப்போது உங்கள் உடலுக்கு நள்ளிரவு. ஒரே நாளில் அதைத் திருப்ப முடியாது, ஐந்தாறு நாள் பிடிக்கும்.

---

இரவு மணி (தேர்வுக்கு 17 நாள்கள்)

கேட்டேன். மூன்று நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

---

சூறாவளி (தேர்வுக்கு 17 நாள்கள்)

உறக்கத்தைப் பற்றி எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நான் நான்கு மணி நேரம் தூங்கித்தானே தேறினேன்? 171 எடுத்தேன். அனுபவத்தை எப்படி மறுப்பீர்கள்?

---

வார்டு நாலு (தேர்வுக்கு 17 நாள்கள்)

மறுக்கவில்லை, தம்பி. மூன்று வாரத்திற்கு முன்னால் உங்கள் ஜி.டி. எவ்வளவு இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

---

சூறாவளி (தேர்வுக்கு 17 நாள்கள்)

178, 182. குறைந்துதான் போனது, வினாத்தாள் கடினமாக இருந்தது.

---

கணக்கப்பிள்ளை (தேர்வுக்கு 16 நாள்கள்)

ஒருவரின் கதையை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதால், சூறாவளியின் மதிப்பெண் உறக்கமின்மையால்தான் குறைந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 180-இல் இருப்பவருக்கு இழக்க முப்பது மதிப்பெண் இருக்கிறது. 141-இல் இருப்பவருக்கு அது இல்லை.

---

கீழ்வானம் (தேர்வுக்கு 11 நாள்கள்)

நேற்று 12-ஆம் நாள் ஜி.டி.யைப் பூட்டு முறையில் எழுதினேன். மொத்தம் 146. பி.எஸ்.எம். 18, கண் 8, தடயவியல் 6, ஈ.என்.டி. 8. இந்த நான்கில் மட்டும் பதின்மூன்று கூடியிருக்கிறது. விட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஓ.பி.ஜி. 17-லிருந்து 13-க்கும், மெடிசின் 18-லிருந்து 15-க்கும் விழுந்துவிட்டன. ஒரு பக்கம் அள்ளிப் போடுகிறேன், மறுபக்கம் ஒழுகுகிறது.

இரவில் உறக்கம் பரவாயில்லை, ஆறரை மணி நேரம் கிடைக்கிறது. பின்மதியத்தில்தான் சிக்கல். மூன்று மணிக்கு மேல் கேள்வியின் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. காலைப் பகுதியில் 81 எடுத்தேன், மதியத்தில் 65தான்.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 11 நாள்கள்)

ஒழுகும் என்பது எதிர்பார்த்ததுதான். நான் முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. எட்டு நாள் ஒரு பாடத்தைத் தொடாமல் விட்டால் அது பின்னால் போகும். இன்றிலிருந்து தினமும் இரவு உணவுக்கு முன் ஐம்பது நிமிடம், மெடிசின், சர்ஜரி, ஓ.பி.ஜி. மூன்றையும் கலந்து ஐம்பது கேள்விகள் போடுங்கள். நோட்ஸைத் திறக்க வேண்டாம், கேள்வி வழியாகவே நினைவூட்டிக்கொள்ளுங்கள். ஓ.பி.ஜி.-இல் எவை தவறின என்று பாருங்கள். பிரசவ வலியின் கட்டங்கள், இரத்தப்போக்கு, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவற்றில் தவறியிருந்தால் ஒரே நாளில் மீட்டுவிடலாம். சட்டத்தில் 2021 திருத்தத்தைப் படியுங்கள். இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட பிரிவினருக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து என்பது அதில்தான் வந்தது.

மதியப் பகுதியின் 65 எனக்குக் கவலை தருகிறது. இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன செய்தீர்கள்?

---

கீழ்வானம் (தேர்வுக்கு 11 நாள்கள்)

சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அம்மா தேர்வு என்பதால் பாயசமும் வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு, காலைப் பகுதியில் சந்தேகமாக இருந்த கேள்விகளைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 11 நாள்கள்)

பாயசத்தை முடிவு வரும் நாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தேடுவதையும் நிறுத்துங்கள். தவறாகக் குறித்துவிட்டோம் என்று தெரிந்த கேள்விகள் மதியம் மூன்று மணிக்குத் தலைக்குள் வந்து நிற்கும். தேர்வு மையத்திலும் வெளியே வந்ததும் எல்லோரும் கூடி விடைகளை ஒப்பிடுவார்கள், அங்கே நிற்காதீர்கள். அடுத்த ஜி.டி.யில் கொஞ்சமாகத் தயிர் சாதமோ இட்லியோ சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள், பிறகு நடங்கள். காப்பி குடிப்பதானால் ஒன்றரை மணிக்குக் குடியுங்கள், மாலை ஐந்துக்கு மேல் வேண்டாம். அதில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும்.

---

தாமிரபரணி (தேர்வுக்கு 10 நாள்கள்)

என் முந்தைய பதிவு தவறான தேர்வைப் பற்றியது என்று இப்போது புரிகிறது, மன்னிக்கவும். ஒரு சந்தேகம். பி.எஸ்.எம்.-இல் கணக்குகளும் வரும் என்கிறார்கள். அவற்றை விட்டுவிடலாமா? நேரத்தை இழுக்குமே.

---

கணக்கப்பிள்ளை (தேர்வுக்கு 10 நாள்கள்)

விடக் கூடாது, கண்டிப்பாக விடக் கூடாது. என் மகனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால்தான் நேரம் இழுக்கிறது. ஆயிரம் பேர் என்று எடுத்துக்கொண்டு நான்கு கட்டம் போட்டால் ஒரு நிமிடத்தில் முடியும்.

ஒரு நோய் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இருக்கிறது, சோதனையின் சென்சிட்டிவிட்டி 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 80 சதவீதம், பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய், அவர்களில் 90 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 900 பேரில் 180 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ். மொத்தம் 270 பாசிட்டிவ், அதில் 90 பேர்தான் உண்மை நோயாளிகள், எனவே மூன்றில் ஒரு பங்கு. நோய் நூற்றுக்கு ஒருவரிடம் மட்டும் இருந்தால் 9 பேர் உண்மை, 198 பேர் தவறு, மதிப்பு ஐந்து சதவீதத்திற்கும் கீழே போய்விடும். சோதனை மாறவில்லை, நோயின் பரவல் மட்டும் மாறியது. இந்த இரண்டாவது பாதியையே கேள்வியாகக் கேட்பார்கள்.

---

கீழ்வானம் (தேர்வுக்கு 7 நாள்கள்)

8-ஆம் நாள் ஜி.டி.யில் 157. காலை 80, மதியம் 77. ஓ.பி.ஜி. 18-க்குத் திரும்பிவிட்டது. "தவிர" கேள்விகளில் ஒன்றுதான் தவறியது. உடற்கூறியல் இப்போதும் 6தான், அதை மன்னித்துவிட்டேன்.

5-ஆம் நாள் இன்னொன்று எழுத வேண்டுமா என்று தயக்கமாக இருக்கிறது. அதில் 140 வந்துவிட்டால் எஞ்சிய நாள்களை நான் எப்படிக் கடப்பேன் என்று தெரியவில்லை.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 7 நாள்கள்)

எழுதுங்கள் என்பேன். 157 என்பது ஒரே ஒரு தேர்வு. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அந்த எட்டு மதிப்பெண் ஆட்டம் இதற்கும் பொருந்தும், குறைந்தால் 149. மதிய வேளைப் பழக்கமும் ஒரு முறை பலித்திருக்கிறது, இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

---

பழைய சட்டம் (தேர்வுக்கு 7 நாள்கள்)

நான் உடன்படவில்லை. வகுப்பில் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். கடைசி வாரத்தில் குறைந்த மதிப்பெண் பார்த்த மாணவர் நோட்டை மூடிவிட்டுப் புதிய வீடியோக்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார். யாரோ நினைவிலிருந்து எழுதி அனுப்பிய ரீகால் கேள்விகளை இரவு இரண்டு மணி வரை படிக்கிறார், அவற்றின் விடைகளோ அனுப்பியவருக்கே உறுதியாகத் தெரியாதவை. பதற்றப்படும் இயல்புள்ளவர் கடைசி வாரத்தில் மொத்தத் தேர்வு எழுத வேண்டாம், ஐம்பது ஐம்பதாக எழுதட்டும்.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 6 நாள்கள்)

ரீகாலைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஜி.டி. விஷயத்தில் நான் என் கருத்திலேயே இருக்கிறேன், ஆனால் இது கீழ்வானத்தின் இயல்பைப் பொறுத்தது, அதை அவர்தான் அறிவார்.

---

இரவு மணி (தேர்வுக்கு 6 நாள்கள்)

நான் ஒரே ஒரு முழு ஜி.டி. எழுதினேன், 148. பாட்டி வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு எழுதினேன், இரண்டாம் பகுதியில் பத்து நிமிடம் அவள் அழுகிறாளா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது ஐம்பதாக எழுதியவற்றின் சராசரி 27. ஆறு பகுதிக்குக் கணக்கிட்டால் 162 வருகிறதே, ஏன் இவ்வளவு வேறுபாடு?

---

கணக்கப்பிள்ளை (தேர்வுக்கு 6 நாள்கள்)

ஒரு காரணம் களைப்பு. இன்னொன்று, ஐம்பது கேள்விப் பகுதிகளை நீங்கள் அன்றைக்குப் படித்த பாடத்திலிருந்து எடுத்திருக்கலாம். அப்படியானால் 148-ஐ நம்புங்கள், 162-ஐ நம்பாதீர்கள்.

---

இரவு மணி (தேர்வுக்கு 6 நாள்கள்)

ஆம், பாதிக்கு மேல் அப்படித்தான் எடுத்தேன்.

---

கீழ்வானம் (தேர்வுக்கு 3 நாள்கள்)

முழுத் தேர்வு எழுதவில்லை. 5-ஆம் நாள் மதியம் இரண்டு மணிக்கு இரண்டாம் பாதியை மட்டும் எழுதினேன், அதற்கு முன் காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தேன். 150-க்கு 76. அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இப்போது 118 வரிகள் இருக்கின்றன. இன்றும் நாளையும் அவை மட்டும். அவற்றோடு கண் பின்புறப் படங்கள், எக்ஸ்ரே, தோல் படங்கள், மருத்துவக் கழிவுப் பைகளின் நிறங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சும் ஐ.வி. குழாயும் சிவப்பு, இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் என்பதை மூன்று ஜி.டி.யிலும் தவறாக எழுதியிருக்கிறேன், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துவிட்டேன்.

மையம் வேறு ஊரில் என்பதால் முதல் நாள் மதியமே போய்த் தங்குகிறோம். மாலை ஆறு மணிக்குள் மையத்தின் வாயில்வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வர எண்ணம். கைக்கடிகாரம் உள்ளே அனுமதி இல்லை என்பதால், கடைசி இரண்டு தேர்வுகளையும் திரையின் ஓரத்தில் இருக்கும் கடிகாரத்தை மட்டும் பார்த்து எழுதிப் பழகினேன்.

---

வார்டு நாலு (தேர்வுக்கு 3 நாள்கள்)

வளையல், கம்மல், சங்கிலி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், வாயிலில் கழற்றச் சொன்னால் வைக்க இடமிருக்காது. மதியமும் மறுபடி சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், ஆகவே இரண்டரை மணி நேர இடைவேளை முழுவதும் உங்களுடையது அன்று. சாப்பாட்டுக்குத் தொலைவாகப் போக வேண்டாம். அம்மா கூட வருகிறாரா?

---

கீழ்வானம் (தேர்வுக்கு 3 நாள்கள்)

வருகிறார். தயிர் சாதம் அவர் பொறுப்பு. பாயசம் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.